கோயம்புத்தூர் கார், பெங்களூரு வேலை: என்ஓசி, ரோட் டாக்ஸ், ரீஃபண்ட் – பணம் எந்த வரிசையில் போய் எப்படித் திரும்பி வருது?

கார் லோன் எடுக்கும்போது இஎம்ஐ, டவுன் பேமென்ட், இன்சூரன்ஸ் எல்லாம் கணக்குப் போடுறோம். ஆனா வேறு மாநிலத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆனா அந்தக் காருக்கு இன்னொரு தடவை ரோட் டாக்ஸ் கட்டணும்ங்கிறது முக்கால்வாசிப் பேருக்கு போன பிறகுதான் தெரியும். சின்னக் காருக்கே அது ஒரு லட்சத்தைத் தாண்டலாம். அதுவும் முழுசா உங்க கையிலிருந்து முதலில் போகும், பழைய மாநிலத்துப் பணம் பிறகுதான் வரும். இந்த நடுவுல இருக்கிற மாதங்களைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசி வரை பிடிச்சுக்கிட்டுப் போவோம். 2022 ஜூன்ல கோயம்புத்தூர்ல ஒரு கார் வாங்கியிருக்கீங்க. எக்ஸ்-ஷோரூம் விலை 9 லட்சம், நம்பர் டிஎன் 38-ல ஆரம்பிக்குது, லோன் இன்னும் ஓடுது. 2025 ஜூன்ல பெங்களூருல புது வேலை, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாடகை வீடு. காரை ஓட்டிக்கிட்டே போயிட்டீங்க. இப்ப என்ன?

ஒரே நாடுதான், ஆனா வரி மாநிலத்துக்கு

இதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு. ஒண்ணு பதிவு, இன்னொண்ணு வரி. பதிவு மத்திய சட்டத்தின் கீழ் வருது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் படி ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுக்கச் செல்லும். அதனால டிஎன் நம்பரோட பெங்களூருல ஓட்டுறது தப்பே இல்லை. ஆனா அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு, வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வெச்சிருந்தா அங்கே புது நம்பர் வாங்கணும்னு சொல்லுது. அந்த 12 மாதம் முடிஞ்சதிலிருந்து 30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும்.

வரி மாநிலத்தோட வருமானம். கோயம்புத்தூர்ல நீங்க கட்டின 'லைஃப் டைம் டாக்ஸ்' தமிழ்நாட்டு ரோட்டுக்கு மட்டும்தான் லைஃப் டைம். மாநில எல்லை தாண்டினா அந்த ரசீதுக்கு மதிப்பு இல்லை. கர்நாடகா தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கும்.

"பெங்களூருல 30 நாள்லயே டாக்ஸ் கேட்பாங்களாமே"ன்னு ஒரு பேச்சு இன்னும் சுத்துது. அது முழுக் கட்டுக்கதை இல்லை. 2014-ல கர்நாடகா தன் வரிச் சட்டத்தை அப்படித்தான் திருத்தியது. 30 நாளுக்கு மேல் ஓடுற வெளிமாநில வண்டி முழு வரி கட்டணும்னு சொன்னது. 2016-ல கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாதுன்னு தீர்ப்புக் கொடுத்தது. அதனால இன்னைக்கு நமக்கு முக்கியமான எண் 12 மாதம்தான்.

அந்த 12 மாதம் எப்ப ஆரம்பிக்குது? வேலையில் சேர்ந்த தேதியோ வாடகை ஒப்பந்தத் தேதியோ இல்லை. வண்டி அங்கே வந்த தேதி. இதுக்கு உங்ககிட்ட இருக்கிற நல்ல சாட்சி ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட். கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியா வந்த அன்னைக்கு டோல்ல பணம் போன நேரம் நிமிஷத்தோட பதிவாகியிருக்கும். அதை டவுன்லோட் பண்ணி மெயில்ல போட்டு வெச்சுக்கோங்க. ரோட்ல ஆர்டிஓ ஆளுங்க நிறுத்திக் கேட்டா, "இப்பதான் சார் வந்தேன்"ங்கிற வாய்ப்பேச்சை விட அந்த ஒரு பக்கம் பேசும். ஆனா அதே ஸ்டேட்மென்ட் உங்களுக்கு எதிராவும் பேசும். ரெண்டு வருஷமா தினமும் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல டோல் கட்டிட்டு "போன மாசம்தான் வந்தேன்"னு சொல்ல முடியாது.

என்ஓசி: ரெண்டு பேர்கிட்ட, ரெண்டு விதமா

புது நம்பருக்கான முதல் காகிதம், பழைய ஆர்டிஓ கொடுக்கிற தடையில்லாச் சான்று. நம்ம எல்லாருக்கும் அது என்ஓசி. விண்ணப்பம் ஃபார்ம் 28. parivahan.gov.in தளத்துல வண்டி நம்பரும் சேசிஸ் நம்பரின் கடைசி இலக்கங்களும் போட்டு ஆரம்பிக்கலாம். அச்செடுத்த ஃபார்ம்ல சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்ச்சு எடுத்த பிரதியும் ஒட்டணும். இதனாலதான், காரை பெங்களூருக்கு எடுத்துட்டுப் போயிட்டு அப்புறம் என்ஓசி பத்தி யோசிக்கிறதை விட, கிளம்புறதுக்கு முன்னாடி கோயம்புத்தூர்லயே அந்தப் பென்சில் பிரதியை நாலஞ்சு எடுத்து வெச்சுக்கிறது புத்திசாலித்தனம். பக்கத்து மெக்கானிக் ஷெட்ல அஞ்சு நிமிஷ வேலை.

லோன் ஓடுற வண்டிக்கு இதுக்கும் முன்னாடி ஒரு படி இருக்கு: பேங்க்கோட சம்மதக் கடிதம். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பேங்க் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணி "என்ஓசி வேணும்"னு சொன்னா, அவங்க லோன் முடிச்சதுக்கான என்ஓசின்னு எடுத்துக்குவாங்க. "இன்னும் 30 இஎம்ஐ பாக்கி இருக்கே சார், அடைச்சிட்டு வாங்க"ன்னு பதில் வரும். நீங்க கேட்கிறது அது இல்லை. லோன் அப்படியே தொடரும், வண்டியை வேறு மாநிலத்தில் பதிவு பண்ண ஆட்சேபம் இல்லைங்கிற கடிதம்தான் உங்களுக்கு வேணும். அதை இப்படிப் பிரிச்சுச் சொல்லிக் கேளுங்க. முடிஞ்சா எழுத்தில் கேளுங்க. சட்டத்தின் 51-ஆம் பிரிவு, விண்ணப்பம் கிடைச்ச 7 நாளுக்குள்ள சம்மதம் கொடுக்கணும், இல்லைன்னா காரணம் சொல்லி மறுக்கணும்னு பேங்க்கைக் கட்டுப்படுத்துது. இஎம்ஐ ஒண்ணு பவுன்ஸ் ஆகி நிலுவையில் நின்னா அதையே காரணமாக் காட்டுவாங்க. அதனால கேட்கிறதுக்கு முன்னாடி லோன் ஸ்டேட்மென்ட்டை ஒரு தடவை பார்த்துடுங்க.

பழைய ஆர்டிஓ என்ன பார்க்கும்? வரி பாக்கி இருக்கா, டிராஃபிக் அபராதச் சலான் நிக்குதா, வண்டி மேல திருட்டுப் புகார், வழக்கு ஏதாவது இருக்கான்னு பார்க்கும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோட இருக்கணும். இதுல சலான்தான் அடிக்கடி ஆளைக் கவுக்கும். எங்கேயோ கேமராவுல பிடிச்ச 500 ரூபாய்ச் சலான் ஒண்ணு உங்களுக்குத் தெரியாமலே கிடக்கும், விண்ணப்பம் அங்கேயே நின்னுடும்.

இன்னொரு நுணுக்கம். என்ஓசி "கர்நாடகாவுக்கு"ன்னு பொதுவா வராது. எந்த ஆர்டிஓவுக்குங்கிற பேரோட வரும். பெங்களூருல மட்டும் பல ஆர்டிஓ இருக்கு: கோரமங்கலா கேஏ 01, இந்திராநகர் கேஏ 03, எலக்ட்ரானிக் சிட்டி கேஏ 51, கே.ஆர்.புரம் கேஏ 53. ஆபீஸ் இருக்கிற இடத்தை வெச்சுப் போடக்கூடாது, நீங்க குடியிருக்கிற முகவரியை வெச்சுத்தான் போடணும். புதுசாப் போனவங்க முதல் ரெண்டு மாதம் பி.ஜி.யில் தங்கிட்டு அப்புறம் வேறு ஏரியாவில் வீடு எடுப்பாங்க. அப்படி இருந்தா வீடு நிலையான பிறகு என்ஓசிக்குப் போடுங்க. தப்பான ஆர்டிஓ பேரில் வாங்கிட்டா அதை மாத்த மறுபடி கோயம்புத்தூருக்கே போகணும்.

சட்டத்தில் ஒரு வரி இருக்கு: விண்ணப்பிச்ச 30 நாளுக்குள்ள ஆர்டிஓ பதில் சொல்லலைன்னா என்ஓசி கொடுத்ததாகவே கருதணும் (48-ஆம் பிரிவு). படிக்க நல்லா இருக்கு. ஆனா பெங்களூரு ஆர்டிஓ கம்ப்யூட்டரில் உங்க வண்டிக்கு என்ஓசி ஏறியிருக்கான்னுதான் பார்ப்பாங்க. அதனால இந்த வரியைக் கோயம்புத்தூர் ஆபீஸ்ல வேலையைத் தள்ளிவிடப் பயன்படுத்துங்க, அதை மட்டும் நம்பி கிளம்பிடாதீங்க.

என்ஓசி ஏறின நிமிஷத்திலிருந்து பழைய ஆர்டிஓவில் அந்த வண்டிக்கு வேறு வேலை எதுவும் நடக்காது. அங்கே விக்க முடியாது, முகவரி மாத்த முடியாது. மனசு மாறித் திரும்பி வந்தா, "இந்த வண்டி எங்ககிட்ட பதிவாகலை"ன்னு பெங்களூரு ஆர்டிஓகிட்ட எழுதி வாங்கிட்டு வந்து ரத்து பண்ணணும். சும்மா கையில் இருக்கட்டுமேன்னு வாங்கி வைக்கிற காகிதம் இல்லை இது.

இப்ப கணக்குக்கு வருவோம்

2022-ல தமிழ்நாட்டில் 10 லட்சம் வரைக்குமான காருக்கு வரி 10 சதவீதம். உங்க 9 லட்சக் காருக்கு 90,000 ரூபாய் கட்டியிருப்பீங்க.

கர்நாடகாவில் 5 முதல் 10 லட்சம் வரையிலான பெட்ரோல், டீசல் காருக்கு 14 சதவீதம். அந்த வரி மேல 11 சதவீதம் செஸ். புதுக் காரா இருந்தா 1,26,000 வரி, 13,860 செஸ், மொத்தம் 1,39,860 ரூபாய். உங்க கார் மூணு வயசு ஆனதால வயசுக்கேத்த தள்ளுபடி உண்டு. அதுக்கு அரசாங்க அட்டவணை இருக்கு. நம்ம திட்டக் கணக்குக்கு ஐந்தில் ஒரு பங்கு குறையும்னு வெச்சுக்குவோம். வரி 1,00,800, செஸ் சுமார் 11,100. ஆக ஏறக்குறைய 1,12,000 ரூபாய்.

இங்க ஒரு பொதுவான தப்பு நினைப்பைச் சரி பண்ணிடலாம். "என் கார் இப்ப 6 லட்சத்துக்குத்தான் போகும், 6 லட்சத்துக்குத்தானே வரி?" இல்லை. அடிப்படை, முதல்ல வாங்கின இன்வாய்ஸ் விலை. எந்த ஸ்லாப்ங்கிறதையும் அதுதான் முடிவு பண்ணும். வயசுக்கான தள்ளுபடி அதுக்கு அப்புறம்தான் வரும். அதனால டீலர் கொடுத்த அந்த ஒரிஜினல் இன்வாய்ஸைத் தேடி எடுத்து வைங்க. தொலைஞ்சிருந்தா கோயம்புத்தூர்ல இருக்கும்போதே டீலர்கிட்ட நகல் கேளுங்க.

அடுத்தது ரீஃபண்ட். 15 வருஷத்துக்கான வரியில் 3 வருஷம் பயன்படுத்தியாச்சு. நேர்க்கணக்கா 12/15 பங்கு, அதாவது 72,000 ரூபாய் திரும்ப வரணும். ஆனா இதுக்கும் தமிழ்நாட்டு அரசின் சொந்த அட்டவணை இருக்கு, அது நேர்க்கணக்கைப் பின்பற்றணும்னு இல்லை. 72,000-ஐ உச்ச வரம்பா வெச்சு, பட்ஜெட்ல கொஞ்சம் குறைச்சே எழுதிக்கோங்க.

ஆக, கையிலிருந்து முதலில் போறது 1,12,000. பிறகு திரும்பி வர்றது அதிகபட்சம் 72,000. நிகரச் செலவு குறைந்தது 40,000 ரூபாய். இந்த 40,000 எங்கிருந்து வருது? ஆர்டிஓ ஃபீஸ் இல்லை, அது இதுக்கு முன்னாடி சில்லறை. ரெண்டு மாநில வரி விகிதத்தின் வித்தியாசம்தான் இது. 10 சதவீத ஊரிலிருந்து, செஸ்ஸும் சேர்த்து 15.54 சதவீத ஊருக்குப் போறீங்க. விலை கூடக் கூட இந்த இடைவெளி வலிக்கும். கர்நாடகாவில் 10 லட்சத்தைத் தாண்டின காருக்கு 17 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினா 18, ரெண்டுக்கும் மேல செஸ் தனி.

இந்த 1,12,000-ஐ கிரெடிட் கார்டில் தேய்ச்சு, "ரீஃபண்ட் வந்ததும் அடைச்சிடலாம்"னு மட்டும் நினைக்காதீங்க. ரீஃபண்ட் அடுத்த பில்லுக்குள்ள வர்ற பணம் இல்லை. மாதக்கணக்காகும். கார்டு வட்டி வருஷத்துக்கு 40 சதவீதம்னு வெச்சா ஆறு மாதத்தில் 22,000 ரூபாய்க்கு மேல வட்டி மட்டுமே போயிடும். உங்ககிட்ட இருக்கிற நேரம் அந்த 12 மாதம். மாசம் 9,500 ரூபாய் ஒரு ஆர்.டி.யில் போட்டா வருஷ முடிவில் இந்தத் தொகை கையில் இருக்கும். அப்படியே எச்.ஆர்.கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. டிரான்ஸ்ஃபர் செலவுப் படியில் வண்டி மறுபதிவையும் சேர்க்கிற கம்பெனிகள் இருக்கு. ரசீது இருந்தா போதும், ஆனா கேட்காதவங்களுக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க.

போறதே ரெண்டு வருஷத்துக்குன்னா?

இங்கதான் உண்மையான முடிவு இருக்கு. திரும்பி வந்தா இதே கூத்து எதிர்த் திசையில் நடக்கும். கர்நாடகாவில் ரீஃபண்டுக்குப் போடணும், தமிழ்நாட்டில் புதுசா வரி கட்டணும். 2023 நவம்பரில் தமிழ்நாடு விகிதத்தை ஏத்தினதுல 5 முதல் 10 லட்சம் வரைக்குமான காருக்கு இப்ப 13 சதவீதம். நீங்க முதல்ல கட்டின 10 சதவீதம் பழைய கதை ஆயிடுச்சு.

என்னைக் கேட்டா: ஒரு வருஷத்துக்குள்ள திரும்புற வேலைன்னா நம்பரை மாத்தவே வேண்டாம், ஆதாரங்களை மட்டும் பத்திரப்படுத்துங்க. மூணு நாலு வருஷமாவது இருப்பீங்கன்னா தயங்காம மாத்திடுங்க. நடுவுல மாட்டுறது ரெண்டு வருஷக்காரங்கதான். அவங்க காரை ஊர்ல வீட்டுக்காரங்க ஓட்டட்டும்னு விட்டுட்டுப் போறதையும், கிளம்புறதுக்கு முன்னாடியே விக்கிறதையும் கணக்குல சேர்த்துப் பார்க்கணும். ரெண்டு தடவை மாநிலம் மாத்துற செலவு, பெங்களூருல ரெண்டு வருஷம் மெட்ரோவிலும் வாடகை வண்டியிலும் போற செலவுக்குப் பக்கத்துல வந்தா ஆச்சரியப்படாதீங்க.

பாரத் சீரிஸ் நம்பர் இவங்களுக்காகவே வந்தது. 2021 செப்டம்பரில் ஆரம்பிச்சது. நாலு அல்லது அதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வெச்சிருக்கிற தனியார் கம்பெனி ஊழியர்கள், ஃபார்ம் 60-ல கம்பெனி கொடுக்கிற சான்றோட விண்ணப்பிக்கலாம். வரி 15 வருஷத்துக்கு மொத்தமா இல்லாம ரெண்டு ரெண்டு வருஷமாக் கட்டணும், ஊர் மாறினா நம்பர் மாத்த வேண்டாம். 2022 டிசம்பர் திருத்தத்துக்கு அப்புறம் ஏற்கனவே ஓடுற வண்டியையும் இதுக்கு மாத்தலாம்னு விதி வந்தது. ஆனா எல்லா மாநிலமும் இதை ஒரே ஆர்வத்தோட நடத்தலை. உங்க ஆர்டிஓவில் நடைமுறையில் இருக்கான்னு நேரில் கேட்டுட்டுத்தான் இதை நம்பணும்.

பெங்களூரு ஆர்டிஓவில்

சரி, மாத்துறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அங்கே ஃபார்ம் 27, என்ஓசி, ஆர்சி, இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று, பேங்க் கடிதம், பெங்களூரு முகவரிக்கான ஆதாரம். வண்டியை நேரில் கொண்டு போகணும். இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோட ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆர்சியில் ஏறாத சி.என்.ஜி. கிட், மாத்தின கலர் மாதிரி விஷயங்கள் இங்கதான் வெளிய வரும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு மட்டும் வர்ற ஒரு தலைவலி இனிஷியல். ஆர்சியில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் சுப்ரமணியன்", இன்சூரன்ஸில் "கார்த்திக் எஸ்". நமக்கு மூணும் ஒரே ஆள். கர்நாடக கவுண்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு மூணு பேர். ஆர்சியில் பெயர்த் திருத்தம் தேவைன்னா என்ஓசிக்கு முன்னாடியே பழைய ஆர்டிஓவில் முடிச்சிடுங்க. என்ஓசி ஏறிட்டா அங்கே எந்த வேலையும் நடக்காதுன்னு மேலே பார்த்தோமே, அதுதான் காரணம்.

வரி கட்டி, புது கேஏ நம்பர் வந்ததும், உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் புதுசா மாட்டணும். புது ஆர்சியிலும் பேங்க் பேர் இருக்கும். அதன் நகலை பேங்குக்கு அனுப்பிடுங்க, லோன் முடியும்போது நம்பர் பொருந்தலைன்னு இழுத்தடிக்க மாட்டாங்க.

ரீஃபண்ட் தானா வராது

கர்நாடகாவில் பதிவானது கம்ப்யூட்டரில் தெரியுதே, தமிழ்நாடு தானா பணத்தை அனுப்பிடும்னு நினைச்சுடாதீங்க. நீங்க பழைய ஆர்டிஓவுக்கு எழுதிக் கேட்கணும். புது ஆர்சி நகல், என்ஓசி நகல், கோயம்புத்தூர்ல வரி கட்டின ரசீது, புது ஊர்ல வரி கட்டின ரசீது, கேன்சல் பண்ணின செக் இவ்வளவும் சேர்த்து, கொடுத்ததுக்கு ஒப்புகை வாங்கிக்கோங்க. புது ஆர்சி கைக்கு வந்த அடுத்த ஊர்ப் பயணத்திலேயே இதை முடிங்க. தள்ளிப் போட்டா ரசீது தொலையும், அதுக்கப்புறம் ஃபைலைத் தேடுறதே தனி வேலை.

மாதக்கணக்காப் பதில் இல்லைன்னா, சண்டை போடுறதை விட தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்க. "இந்தத் தேதியிட்ட என் வரித் திருப்ப விண்ணப்பம் இப்போது எந்த அலுவலரிடம், எந்த நிலையில் உள்ளது?" இவ்வளவுதான் கேள்வி. 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும்ங்கிறதால ஃபைல் மேசையிலிருந்து எழும்பும்.

நம்பர் மாறின அன்னைக்கே செய்ய வேண்டிய ரெண்டு போன் இருக்கு. முதல் போன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, புது நம்பரையும் முகவரியையும் பாலிசியில் ஏத்தச் சொல்லி. பெங்களூரு ஏ மண்டலம், கோயம்புத்தூர் பி மண்டலம்ங்கிறதால சொந்தச் சேத பிரீமியம் கொஞ்சம் கூடலாம், நோ கிளெய்ம் போனஸ் அப்படியே தொடரும். ரெண்டாவது ஃபாஸ்டேக் கொடுத்த பேங்குக்கு. டேக் இன்னும் டிஎன் நம்பரிலேயே இருந்தா, பிளேட்டில் ஒரு நம்பர் டேக்கில் ஒரு நம்பர்னு அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது டோல்லயே நிக்க வேண்டி வரும்.